பாங்கோவின் கதிரையில் யாரை இருத்துவது?

மக்பெத் நாடகத்தை வன்னியில் மேடையேற்ற நினைக்கிற எந்தக் குழுவும் கடைசியில் ஒரு கதிரையில் வந்து முட்டுப்படும். மூன்றாம் அங்கம், நான்காம் காட்சி. புதிதாக முடிசூடிய மக்பெத் விருந்து வைக்கிறான். தன் நண்பன் பாங்கோவைக் கொல்ல ஆள் அனுப்பி, கொன்றாயிற்று என்ற செய்தியையும் அதே விருந்தின் வாசலில் நின்று கேட்கிறான். திரும்பி வந்து பார்த்தால், தனக்கென்று விட்டிருந்த கதிரையில் செத்தவன் இருக்கிறான். வேறு எவருக்கும் அது தெரியவில்லை.

அந்தக் கதிரையில் ஒரு நடிகரை இருத்துவதா, வெறுமையாக விடுவதா, அல்லது இருத்திவிட்டு விருந்தினர் எல்லாரையும் கண்டும் காணாதவர்களாக நடிக்க வைப்பதா? ஆவி உண்மையிலேயே வந்தது, அவன் மனம் காட்டியது, நாடு வாய்திறந்து சொல்லாததே அங்கு வந்து இருக்கிறது என்ற மூன்று வாசிப்புகளும் இந்த மூன்று தெரிவுகளாகத்தான் மேடைக்கு வருகின்றன. கட்டுரை எழுதும் மாணவர் மூன்றுக்கும் இடம் உண்டு என்று முடித்துவிடலாம். நெறியாளரால் அப்படி முடிக்க முடியாது. காட்சி தொடங்கும்போது கதிரையில் ஆள் இருக்கவேண்டும், அல்லது இருக்கக்கூடாது.

முதலில் பிரதி என்ன சொல்கிறது என்று பார்ப்போம். நாடகம் ஏறத்தாழ 1606 இல் எழுதப்பட்டது. நமக்குக் கிடைத்திருக்கிற மூலம் 1623 இல் அச்சான தொகுப்பு. அதில், பாங்கோவின் ஆவி வந்து மக்பெத்தின் இடத்தில் இருக்கிறது என்று மேடைக் குறிப்பே உண்டு. கொஞ்ச நேரத்தின் பின் ஆவி நுழைகிறது என்று இன்னொரு குறிப்பும் உண்டு. ஆனால் ஆவி வெளியேறுவதற்கு அங்கே குறிப்பு இல்லை. இன்று நாம் படிக்கும் பதிப்புகளில் உள்ள வெளியேற்றங்கள் பிற்காலப் பதிப்பாசிரியர்கள் சேர்த்தவை. ஆகவே ஆவி எப்போது, எந்த வழியால் போகிறது என்பதை நெறியாளரே முடிவு செய்யலாம். இந்தச் சுதந்திரம் பின்னர் பெரிய உதவியாக வரும்.

1611 இல் இலண்டனில் இந்த நாடகத்தைப் பார்த்த சைமன் ஃபோர்மன் என்பவர் தான் கண்டதை எழுதி வைத்திருக்கிறார். பாங்கோ இங்கே இருந்தால் நன்றாயிருக்கும் என்று சொல்லி மக்பெத் குடிப்பதற்கு எழும்பி நிற்க, ஆவி வந்து அவனுக்குப் பின்னால் கதிரையில் இருந்துவிட்டது. அவன் திரும்பி இருக்கப் போகும்போதுதான் கண்டான் என்கிறார். எனவே ஷேக்ஸ்பியர் உயிரோடு இருந்தபோதே சதையும் இரத்தமுமாக ஒரு நடிகர் அங்கே இருந்திருக்கிறார். வெறுங்கதிரை பிறகு வந்த யோசனை. 1794 இல் இலண்டனில் ஜோன் கெம்பிள் என்ற நடிகர் ஆவியை எடுத்துவிட்டு வெறுங்கதிரையைப் பார்த்து நடித்தார். பின்னர் ஆவி மேடைக்குத் திரும்பியது. அந்தச் சண்டை இன்றைக்கும் தீரவில்லை.

இந்த நாடகத்தில் வருகிற அமானுஷ்யங்களை வகைப்படுத்த ஒரு நல்ல அளவுகோல் உண்டு: யார் யார் காண்கிறார்கள்? அந்தரத்தில் தொங்கும் குத்துவாளை மக்பெத் மட்டும் காண்கிறான், அதுவும் சூடேறிய மூளையின் படைப்போ என்று தானே கேட்கிறான். அங்கே மனநிலை வாசிப்புக்குப் பிரதியே கதவைத் திறந்து விடுகிறது. வாளைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுவது வீண் வேலை. மூன்று சூனியக்காரிகளை மக்பெத்தும் காண்கிறான், பாங்கோவும் காண்கிறான். பாங்கோதான் அவர்களின் தாடியைக்கூடக் கவனித்துச் சொல்கிறான். இருவர் கண்டு இருவரும் பேசிய ஒன்றை ஒருவனின் மனப்பிரமை என்று காட்டப்போனால் முதல் அங்கமே உடைந்துவிடும். பாங்கோவின் ஆவி இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. மேடையில் ஒருவனுக்கு மட்டுமே அது தெரிகிறது. ஆனால் மேடைக் குறிப்பின்படி பார்வையாளருக்கும் தெரியவேண்டும். அதனால்தான் எல்லா முட்டுப்பாடும் இந்த இடத்தில் வருகிறது.

நடிகரை இருத்துவதைப் பார்ப்போம். இதற்குப் பிரதியில் உள்ள வலுவான சாட்சியைப் பலர் கவனிப்பதில்லை. மூன்றாம் அங்கத்தின் முதற் காட்சியில் மக்பெத், விருந்துக்கு வராமல் விட்டுவிடாதே என்று பாங்கோவுக்குச் சொல்கிறான். விடமாட்டேன் பிரபு என்கிறான் பாங்கோ. அன்றிரவு அவன் சொன்ன வாக்கைக் காப்பாற்றுகிறான். ஆவி வருகிற இரண்டு தடவையும், பாங்கோ இங்கே இல்லையே, இருந்தால் எவ்வளவு நல்லது என்று மக்பெத் வாயால் சொன்ன பிறகுதான் அது அவன் கண்ணில் படுகிறது. அழைத்தவன் வீட்டுக்கு அழைக்கப்பட்டவன் வருகிறான். இந்த இரண்டு வசனத்தையும் மொழிபெயர்ப்பில் சுருக்கிவிடாதீர்கள். முதல் வாக்கை நடிகர் போகிற போக்கில் சொல்லாமல், நின்று, முகம் பார்த்துச் சொல்லவேண்டும். பிறகு கதிரையில் அவனைக் காணும்போது, வாறன் என்று சொன்னவன்தானே என்று பின்வரிசையில் இருக்கிற அம்மாவுக்கும் விளங்கும்.

வன்னிப் பார்வையாளருக்கு இந்தத் தெரிவு இலகுவாகப் பிடிபடும். வற்றாப்பளையில் கண்ணகி கிழவி வேடத்தில் வந்து, தலையில் பேன் பார்க்கச் சொல்லி, மாடு மேய்த்த சிறுவர்களுக்குத் தலை நிறையக் கண்களைக் காட்டிய கதையைச் சிறுவயதிலிருந்தே கேட்டவர்கள் அவர்கள். கோவலன் கூத்தைக் களரியில் பார்த்தவர்கள். கண்ணுக்குத் தெரியாதது உடலெடுத்து முன்னால் வந்து நிற்பது அவர்களுக்குப் புதிய மேடை உத்தி அல்ல. ஆவியாக வருபவரின் முகத்தில் பச்சை வெளிச்சமோ, புகையோ, எதிரொலிக் குரலோ தேவைப்படாது. அவற்றைப் போட்டால் தொலைக்காட்சித் தொடர் ஆகிவிடும்.

கூத்து வடிவில் செய்கிற குழுவுக்கு இதில் ஓர் அருமையான வசதி இருக்கிறது. கூத்தில் எல்லாப் பாத்திரங்களும் வரவுப் பாட்டோடுதான் வருவார்கள். மக்பெத்துக்கு வரவு வையுங்கள், அவன் மனைவியான சீமாட்டிக்கு வையுங்கள், விருந்தினருக்கும் வையுங்கள். முதல் அங்கத்தில் உயிரோடு வந்த பாங்கோவுக்கும் நல்ல வரவு இருக்கட்டும். செத்த பாங்கோவுக்கு மட்டும் வரவு இல்லை. மத்தளமும் தாளமும் ஓய்ந்திருக்க அவர் சும்மா நடந்து வந்து இருக்கட்டும். வரவில்லாமல் வருகிற ஆள் இந்த உலகத்து ஆள் இல்லை என்பது கூத்துப் பழகிய கண்ணுக்கு உடனே தெரியும். அந்த இடத்தில் உடுக்கு அடிக்கவே வேண்டாம். அம்மன் கோயில் வீதியில் உடுக்குச் சத்தம் கேட்டால் பார்வையாளரில் யாருக்காவது உரு வரலாம். வந்தால் காட்சியும் போகும், அந்த ஆளின் நிம்மதியும் போகும்.

நடிகரைக் கதிரைக்குக் கொண்டுவருவதுதான் செய்முறையில் கடினம். பாடசாலை மைதானத்தில் போட்ட மேடைக்கு நிலவறை வழி கிடையாது. கொலையாளி வந்து மக்பெத்தோடு பேசுகிற நேரத்தைப் பயன்படுத்துங்கள். அவர்கள் இருவரையும் முன்மேடையின் ஒரு மூலைக்கு இழுத்து அங்கே வெளிச்சத்தை வையுங்கள். மறுபக்கம் பணியாளர் நாலு பேர் தட்டுகளோடு வருவார்கள். ஐந்தாவது ஆளாக, தலையில் சால்வை போர்த்துக்கொண்டு, பாங்கோ வருவார். மற்றவர்கள் தட்டை வைத்துவிட்டுப் போக அவர் இருந்துவிடுவார், முதுகைப் பார்வையாளருக்குக் காட்டியபடி. மக்பெத் கதிரையைத் தேடி, மேசை நிறைந்திருக்கிறதே என்கிறான். உங்களுக்கென்று இடம் விட்டிருக்கிறோம் என்று லெனொக்ஸ் அதே கதிரையைக் காட்டுகிறான். எங்கே என்று மக்பெத் மறுபடி கேட்கும்போது சால்வை விழவேண்டும். அதற்கு முன்னர் விழுந்தால் திகைப்பு வீண். வட்டக்களரியில் இந்த வழி சரிவராது, ஏனென்றால் அங்கே முதுகுப் பக்கம் என்று ஒன்று இல்லை. அங்கே இரண்டு பணியாளர் ஒரு மேசைவிரிப்பை உதறி விரிக்கும்போது அதன் மறைவில் வந்து இருத்தலாம். விரிப்பு அகலம் இரண்டு மீற்றருக்குக் குறையக்கூடாது. ஒத்திகையில் நாலு பக்கத்திலும் ஆள் இருத்திப் பாருங்கள்.

இரத்தம் பற்றியும் சொல்லவேண்டும். தலையில் இருபது வெட்டு என்று கொலையாளி கணக்குச் சொல்கிறான். ஆகவே ஒரு பொட்டு இரத்தம் போதாது. நீல விளக்கின் கீழ் சிவப்பு கறுப்பாகத்தான் தெரியும். ஆவி என்றவுடன் நீல வெளிச்சம் போடுகிறவர்கள் இதனால்தான் ஏமாறுகிறார்கள். மஞ்சள் சாயல் வெளிச்சத்தையே வையுங்கள். ஆரத்திக்குக் கரைப்பதுபோல் மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்தால் நல்ல சிவப்பு வரும், செலவும் இல்லை. ஆனால் அதைத் துணிக்கு மட்டும் பாவியுங்கள். வியர்வை பட்ட இடத்தில் அது திரும்பவும் மஞ்சளாகிவிடும், நெற்றியிலிருந்து வழிந்து கண்ணில் பட்டால் சுண்ணாம்பு கண்ணைக் கெடுக்கும். தலைக்கும் முகத்துக்கும் ஆறிய கெட்டிக் கஞ்சியில் சிவப்பு உணவுச் சாயமும் அரைக் கரண்டி கோப்பித்தூளும் போட்டுக் கலக்குங்கள். கோப்பி இல்லாவிட்டால் அது குங்குமம் மாதிரித் தெரியும். சீனிப்பாகில் செய்தால் பளபளப்பு நன்றாக வரும், ஆனால் மைதானத்தில் காட்சி தொடங்க முன்னரே எறும்பு வந்துவிடும்.

வெறுங்கதிரையின் வலிமை நடிகரில் இருக்கிறது. நல்ல மக்பெத் கிடைத்துவிட்டால் அந்த வெறுமை இரத்தம் பூசிய எந்த உடலைவிடவும் பயங்கரமாக இருக்கும். பிரதியிலும் ஆதாரம் உண்டு. இது உன் பயம் வரைந்த படம், அன்றைக்குச் சொன்ன அந்தக் குத்துவாளைப் போலத்தான் என்று சீமாட்டி காதோடு சொல்கிறாள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: அப்படிச் சொல்கிறவள் அவள். அவனைச் சபைக்கு முன்னால் அடக்கவேண்டிய அவசரத்தில் சொல்கிறாள். அதை ஷேக்ஸ்பியரின் தீர்ப்பாக எடுத்துக்கொள்வது சரியல்ல.

வெறுங்கதிரை தோற்பது எப்போதும் தூரத்தால்தான். நூறு பேர் இருக்கிற மண்டபத்தில் நடிகரின் கண் எங்கே நிற்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். முந்நூறு பேர் பாய்விரித்து இருக்கிற மைதானத்தில் இருபது மீற்றருக்கு அப்பால் இருக்கிறவருக்கு, நடிகர் வசனத்தை மறந்துவிட்டு முழிக்கிறார் என்றே படும். சின்னப் பிள்ளைகள் சிரிப்பார்கள். ஒரு பிள்ளை சிரித்தால் காட்சியை மீட்க முடியாது. இதைத் தவிர்க்க, கதிரை மேசையிலிருந்து ஓரடி விலகி நிற்கவேண்டும், மற்றவர்கள் வாங்கில் இருக்க அது ஒன்றே முதுகுள்ள கதிரையாக இருக்கவேண்டும். மக்பெத் கதிரையின் இருக்கையைப் பார்க்கக்கூடாது. இருக்கிற ஒரு மனிதனின் முகம் வரும் உயரத்தைப் பார்க்கவேண்டும். ஒத்திகையில் உண்மையான ஆளை இருத்தி ஒரு கிழமை பழகிய பிறகு ஆளை எடுங்கள். தொடக்கத்திலிருந்தே வெறுங்கதிரையோடு பழகிய நடிகரின் கண் நாளுக்கு நாள் கீழே இறங்கும். சரியாக வந்ததா என்று அறிய, கதை தெரியாத ஒருவரைக் கடைசி வரிசையில் நிறுத்தி, அவர் யாரைப் பார்த்துப் பயப்படுகிறார் என்று கேளுங்கள். பாங்கோவை என்று சொன்னால் சரி. விசர் பிடிச்சிட்டுது போல என்று சொன்னால் உடலைத் திரும்பக் கொண்டுவாருங்கள்.

மூன்றாவது தெரிவில்தான் இந்தக் காட்சியின் ஆழம் இருப்பதாக நினைக்கிறோம். ஆவியை எல்லாரும் காண்கிறார்கள், ஒருவரும் கண்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. அரசியல் வாசிப்பு என்றவுடன் சீருடை மாட்டுவது, பதாகை பிடிப்பது என்று போய்விடுகிறார்கள். அது தேவையே இல்லை. அரசியல் அந்த மேசையைச் சுற்றி ஏற்கெனவே இருக்கிறது. மக்பெத், நான் செய்தேன் என்று உன்னால் சொல்ல முடியாது, இரத்தம் தோய்ந்த தலையை என்னிடம் ஆட்டாதே என்று சபை நடுவில் கத்துகிறான். இதைக் கேட்ட பிறகு பாங்கோவுக்கு என்ன நடந்தது என்று புரியாத முட்டாள்கள் அங்கே இல்லை. இரண்டாம் தடவை ஆவி போனபின், உங்களால் இந்தக் காட்சிகளை எப்படிக் கன்னம் வெளிறாமல் பார்க்க முடிகிறது என்கிறான். உடனே றொஸ், எந்தக் காட்சிகள் பிரபு என்று கேட்கிறான். மனநிலை வாசிப்பில் அது அப்பாவிக் கேள்வி. அரசியல் வாசிப்பில் அது பொறி. சீமாட்டி பாய்ந்து விழுந்து, அவரோடு பேசாதீர்கள், வரிசை முறை பார்க்காமல் எல்லாரும் உடனே போங்கள் என்கிறாள். இன்னும் ஒரு நிமிடம் விட்டால் அவன் முழுவதையும் சொல்லிவிடுவான் என்று அவளுக்குத் தெரியும். சபை கலைந்த கையோடு மக்பெத் சொல்கிற வார்த்தை இந்த வாசிப்புக்கு முத்திரை வைக்கிறது: இவர்களில் ஒருவன் வீடு விடாமல் என் சம்பளம் வாங்கும் ஆளை வைத்திருக்கிறேன். விருந்தினர் ஏன் ஒன்றையும் காணவில்லை என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை. ஒரு காட்சி தள்ளி லெனொக்ஸ் பேசும் பேச்சையும் சேர்த்துப் பாருங்கள். பாங்கோ நேரம் சென்று வெளியில் நடந்தான். மகன் ஓடிவிட்டதால் மகன்தான் கொன்றான் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆண்கள் இரவில் நடக்கக்கூடாது. கொலை தெரிந்தவன் தெரியாதவனைப்போலப் பேசும் பேச்சு அது. மொழிபெயர்ப்பாளர் இதை நேரடிக் குற்றச்சாட்டாக மாற்றினால் காட்சி செத்துவிடும். சாதாரணச் செய்தி சொல்லும் குரலிலேயே வரட்டும்.

இந்த நாடகம் பிறந்தபோதே அதன் ஆவிக்கு அரசியல் இருந்தது என்பதும் கவனிக்கத்தக்கது. முதலாம் ஜேம்ஸ் தன் வம்சத்தைப் பாங்கோவிலிருந்து எண்ணினவர். 1597 இல் பேய், சூனியம் பற்றி ஒரு நூலே எழுதினவர். ஸ்கொட்லாந்து அரசராயிருந்து 1603 இல் இங்கிலாந்துக்கும் அரசரானவர். ஷேக்ஸ்பியர் பயன்படுத்திய வரலாற்று நூலில் பாங்கோ, முந்திய அரசன் டங்கனின் கொலையில் மக்பெத்துக்கு உடந்தை. நாடகத்தில் அந்தக் கறை துடைக்கப்பட்டிருக்கிறது. ஆகவே அரசியல் வாசிப்பை நாம் வெளியிலிருந்து திணிக்கிறோம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அன்றைய அரசியல் அரசனைத் திருப்திப்படுத்திய அரசியல். அதை மறைத்துவிட்டு ஷேக்ஸ்பியரை எதிர்ப்பாளர் ஆக்குவதும் நேர்மையாகாது.

இதை மேடையில் செய்ய, ஆறு விருந்தினருக்கு ஆறு வேறு வேலை கொடுங்கள். ஒருவர் கிண்ணத்தை வாய்க்குக் கொண்டுபோய்க் குடிக்காமல் நிறுத்துவார். ஒருவர் பக்கத்தில் இருக்கிற ஆவியிலிருந்து வாங்கில் நாலு விரல் நகர்வார், ஆனால் திரும்பமாட்டார். ஒருவர் ஆவியைப் பார்க்காமல் தன் பக்கத்து விருந்தினர் பார்க்கிறாரா என்று பார்ப்பார். இவர்தான் சம்பளம் வாங்குகிற ஆள். மற்ற மூவரும் தட்டைப் பார்த்தபடி சாப்பிடட்டும். பிழை எங்கே வரும் என்றால், ஆறு பேரும் ஒரேநேரத்தில் தலைகுனிவதில். அது பாடசாலைக் குழுப்பாடல் மாதிரி ஆகிவிடும். அதேபோல ஒருவரும் நேராக ஆவியைப் பார்த்துத் திடுக்கிடக்கூடாது. அப்படிச் செய்தால் பிரதியோடு முரண்படும், மக்பெத் தனித்து நிற்கும் காட்சியும் கெடும்.

இனி வன்னியில் மட்டும் எழுகிற ஒரு கேள்வி. மூன்று வாசிப்பையும் எடைபோடும்போது மற்ற ஊர் நெறியாளர் இதை எண்ணவேண்டி வராது. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் 2017 பெப்ரவரியிலிருந்து கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தொடர்போராட்டம் இருக்கிறார்கள். அவர்கள் கேட்பது பிள்ளை எங்கே என்பது. மரணச் சான்றிதழை வாங்க மறுத்தவர்கள், எட்டுச் செலவும் அந்தியேட்டியும் செய்யாதவர்கள் அவர்களில் உண்டு. அவர்கள் ஏந்துகிற படத்துக்கு மாலை இராது, ஏனென்றால் மாலை போட்டால் செத்ததாக ஒப்புக்கொண்டதாகும். இப்படியான ஒரு தாய் முன்வரிசையில் இருக்க, வெறுங்கதிரையில் ஒரு படத்தை வைத்து அதைப் பாங்கோ என்று காட்டினால் என்ன சொல்கிறோம்? அவர் பிள்ளையைச் செத்தவர்களின் வரிசையில் வைக்கிறோம். ஆவி என்ற சொல்லே அதைச் செய்துவிடும். நல்ல எண்ணத்தோடு செய்யப்படுகிற இந்த உருவகம்தான் அரசியல் வாசிப்பு வன்னியில் செய்யக்கூடிய மிகப் பெரிய பிழை.

பிரதியே இதற்கு வழி காட்டுகிறது. விருந்துக்கு முந்திய காட்சியில் பாங்கோ மேடையிலேயே கொல்லப்படுகிறான். மகன் பிளீன்ஸ் தப்பி ஓடுகிறான். பார்வையாளர் கொலையைக் கண்ணால் கண்டிருக்கிறார்கள். அவர்களைப் பொறுத்தவரை பாங்கோ காணாமல் போனவன் அல்ல, கொல்லப்பட்டவன். நேரம் மிச்சம் பிடிக்கப் பல குழுக்கள் இந்தச் சின்னக் காட்சியை வெட்டிவிடுகின்றன, கொலையாளி வந்து சொல்லத்தானே போகிறான் என்று. வேறெங்கும் அது சிறு இழப்பு. இங்கே அதை வெட்டினால் பாங்கோ வீட்டிலிருந்து புறப்பட்டு வராமல் போன ஆளாகிவிடுவான், கதிரை வேறொரு கதிரையாகிவிடும். ஆகவே வன்னியில் இந்தக் காட்சியை வெட்டக்கூடாது. பந்தம் அணைவதும், ஓடு மகனே என்று தகப்பன் கத்துவதும், பிள்ளை ஓடித் தப்புவதும் தெளிவாகத் தெரியவேண்டும். அத்தோடு, பள்ளத்தில் கிடக்கிறான் என்று கொலையாளி சொல்வதையும் விடாதீர்கள். புதைக்கப்படாத உடல் அது. புதைகுழிகள் நாம் புதைத்தவர்களைத் திருப்பி அனுப்பினால் பருந்தின் வயிறே இனிக் கல்லறையாகட்டும் என்று மக்பெத் பதறுகிறான். ஆனால் இவனை யாரும் புதைக்கவில்லை. கிரியை கிடைக்காத துர்மரணம் அலையும் என்று நம்புகிற ஊரில் இந்த ஒரு முரணுக்கு விளக்கமே வேண்டாம்.

ஆகவே எங்கள் தெரிவு இது. கொலைக் காட்சியை வைத்துக்கொண்டு, முதல் வருகைக்கு உடலோடு ஆவியைக் கொண்டுவாருங்கள். விருந்தினரை மூன்றாவது தெரிவில் சொன்னபடி நடத்துங்கள். இரண்டாம் வருகைக்குக் கதிரையை வெறுமையாக விடுங்கள். முதல் தடவை கண்டதால் இரண்டாம் தடவை பார்வையாளரே அவனை அங்கே இருத்திக்கொள்வார்கள். கடைசி வரிசைக்கும் குழப்பம் வராது. விருந்தினர் மட்டும் முதல் தடவை விலகிய அதே நாலு விரல் மறுபடி விலகட்டும். இந்த வரிசையைத் தலைகீழாக்கி, முதலில் வெறுமை பின்னர் உடல் என்று செய்தால் ஆவி நிரூபணம்போல ஆகிவிடும், மக்பெத்தின் உள்ளம் பற்றிய கேள்வி அங்கேயே முடிந்துவிடும். முதல் வருகையின் முடிவில் ஆவி வெளியேற, பிரதியில் குறிப்பு இல்லாத அந்தச் சுதந்திரத்தைப் பாவியுங்கள்: விளக்கை அணைக்காமல், பருந்து பற்றிய வசனம் முடிந்து சீமாட்டி மக்பெத்தைக் கடிந்துகொள்ளும்போது, பாங்கோ எழும்பி, பணியாளர் வருகிற வழியாலேயே மெல்ல நடந்து போகட்டும்.

இதற்கு விதிவிலக்கு ஒன்று உண்டு. மண்டபம் சிறிது, நடிகர் தேர்ந்தவர், பார்வையாளர் நாடகத்தை ஏற்கெனவே படித்த உயர்தர மாணவர் என்றால் இரண்டு வருகைக்கும் வெறுங்கதிரையே போதும். பேசுவதற்கும் அதில்தான் கூடுதலாகக் கிடைக்கும்.

சூனியக்காரிகள் பற்றி ஒன்று மட்டும். மூலத்தில் அவர்களைக் குறிக்கும் சொல்லின் வேர் விதி என்பது. சூனியக்காரி என்று பெயர்த்தால் ஊரில் தனித்து வாழும் பெண்கள்மேல் விழுகிற பழிச்சொல் மேடைக்கு வரும். விதியின் சகோதரிகள் என்றால் தூரமாகவும் புனிதமாகவும் போகும். போரில் எல்லாம் இழந்த கைம்பெண்களாக அவர்களைக் காட்டுகிற ஒரு வழக்கம் இப்போது பல நாடுகளில் இருக்கிறது. இங்கே அதைச் செய்யவேண்டாம். அந்தப் பெண்கள் பார்வையாளர் வரிசையில் இருக்கிறார்கள், கேட்ட வரத்துக்காக நாட்டைக் குழப்பினவர்கள் அவர்கள் அல்லர். குறிசொல்லிகள் என்ற சொல் பொருந்தும். அவர்கள் சொல்வது பலிக்கிறது, ஆனால் கொல் என்று அவர்கள் ஓரிடத்திலும் சொல்லவில்லை.

கடைசியாக, அந்தக் கதிரையை யார் எடுப்பது என்பதையும் ஒத்திகையிலேயே தீர்த்துவிடுங்கள். விருந்தினர் அவசரமாகப் போகும்போது வாங்குகள் சரியும், கிண்ணங்கள் உருளும். மக்பெத்தும் சீமாட்டியும் தனியே இரவு எவ்வளவு ஆயிற்று என்று பேசி முடிக்கும்வரை கதிரை அப்படியே நிற்கவேண்டும், அவர்கள் இருவரும் அதைச் சுற்றித்தான் நடக்கவேண்டும், ஒருவரும் அதில் இருக்கக்கூடாது. அவர்கள் போனபின் பணியாளர் வந்து வாங்கையும் மேசையையும் எடுத்து, கதிரையைக் கடைசியாக எடுப்பார். தூக்க முன்னர் விரிப்பின் நுனியால் இருக்கையை ஒருதரம் துடைப்பார்.